கொதிக்காத ராஜ்மா

என் ஓரகத்தி எங்கள் குசினிக்குள் கால் வைத்த நாளிலிருந்தே எனக்கு அவளைப் பிடிக்காது. இதை மறைத்துவிட்டு மேலே எழுதினால் நான் செய்தது எதுவும் புரியாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டு இருக்கிறது. அங்கே சரக்கு இறக்குகிற வடக்கத்திப் பையன்கள் நாற்பது நாற்பத்தைந்து பேருக்கு மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். வீட்டுக்குப் பின்னால் தகர ஷீட் போட்ட குசினி. அதில் இரண்டு கேஸ் அடுப்பு, ஒரு விறகடுப்பு. சமையல் என் பொறுப்பு. என் வீட்டுக்காரர் சாமான் வாங்கிப் போடுவார், குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பரிமாறிவிட்டு வருவார். கொழுந்தன் துறைமுகத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டே சாயங்காலம் கணக்கு வழக்கைக் கவனிப்பான். ஐந்து வருஷம் அந்தக் குசினியில் என் கைதான். என் மீன்குழம்பைப் பற்றி யார்டு சூப்பர்வைசர் போனில் சொன்னதை என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிறகு கொழுந்தனுக்குக் கல்யாணமானது. பெண்ணுக்குச் சொந்த ஊர் தருவைகுளம்தான் என்றாலும் பிறந்தது வளர்ந்தது எல்லாம் பம்பாய். வந்த முதல் மாதமே ஒரு நாள் வண்டியோடு யார்டுக்குப் போய்விட்டு வந்தாள். அங்கே பையன்களோடு இந்தியில் பேசியிருக்கிறாள். என்ன சாப்பிட ஆசை என்று கேட்டிருக்கிறாள். ஐந்து வருஷத்தில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் என்ன பாஷையில் கேட்பேன்?

அடுத்த வெள்ளிக்கிழமை ராஜ்மா வைத்தாள். அண்டா காலியாகத் திரும்பி வந்தது. வழித்து நக்கியதுபோல வந்தது. என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக, "ஏளா, பயலுவ பாபி பாபின்னு ஒரே கூத்து. ரெண்டு பேரு எந்திரிச்சு நின்னு கும்பிடுதான்" என்றார். பாபி என்றால் இந்தியில் அண்ணியாம். அவர் சொன்னது அவளிடம் இல்லை, என்னிடம். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துக்கொண்டு சொன்னார். ஆண்களுக்கு அவ்வளவுதான் புத்தி.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை என்றால் ராஜ்மா. வியாழக்கிழமையே பையன்கள் கேட்க ஆரம்பித்துவிடுவார்களாம். என் மீன்குழம்பைப் பற்றி அதற்குப் பிறகு போன் வரவில்லை.

அவள் ராஜ்மா வைக்கிற விதத்தை நான் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பேன். பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்ள வெங்காயம் உரிப்பேன். பருப்பு கருஞ்சிவப்பாக, பெரிதாக, உள்பக்கம் வளைந்து ஆட்டுக் குண்டிக்காய் மாதிரி இருக்கும். வியாழன் சாயங்காலம் ஊறப் போடுவாள். வெள்ளிக்கிழமை காலையில் அந்தத் தண்ணீரை அப்படியே சாக்கடையில் சாய்ப்பாள். நல்ல சிவந்த தண்ணீர். பிறகு இரண்டு தரம் அலசுவாள். புதுத் தண்ணீர் ஊற்றிப் பெரிய கேஸ் அடுப்பில் ஏற்றி முழுத் தீயில் வைப்பாள். தளதளவென்று பொங்கி வந்த பிறகு அலமாரியில் இருக்கிற பச்சைக் கடிகாரத்தை எடுத்து முப்பது நிமிஷத்துக்கு அலாரம் வைப்பாள். அது அடிக்கிற வரைக்கும் அடுப்பைக் குறைக்கவே மாட்டாள். அலாரம் அடித்த பிறகுதான் தீயைக் குறைத்துப் பருப்பு குழைகிற வரை விடுவாள்.

எனக்கு அது முழுக்க நாடகமாகத் தெரிந்தது. ஒரு பயறு வேகவைக்க அலாரமா? "சத்தெல்லாம் சாக்கடையில போகுது, கேசு ஆகாசத்துல போகுது" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்வேன். அவர் "பயலுவ தின்னுதானுவல்லா" என்று முடித்துக்கொள்வார். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடுமே. கேட்கவில்லை.

என் அம்மா வீட்டில் மொச்சை, தட்டப்பயறு எல்லாம் வேறு விதமாக வேகும். சீமைக்கருவேல விறகை எரித்துத் தணலாக்கி, அதன்மேல் பானையை வைத்து மூடி, சுற்றிலும் சாம்பலை அணைத்து விட்டுவிடுவோம். கொதிக்கவே விடக்கூடாது. கொதித்தால் தோல் உரிந்து பயறு நசநசவென்று ஆகிவிடும். தணலில் ஐந்தாறு மணி நேரம் கிடந்தால் முழுசு முழுசாக இருக்கும், வாயில் வைத்தால் வெண்ணெய் மாதிரி உடையும். என் கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டில் அந்தக் கைப்பக்குவத்துக்காகவே எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஊறின தண்ணீரைக் கொட்டுவது எங்களுக்குப் பாவம். அவள் ராஜ்மாவில் பாதிக்கு மேல் தோல் பிய்ந்து குழைந்துதான் கிடக்கும். அதற்கா இத்தனை கும்பிடு என்று எனக்கு வயிறு எரியும்.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. தருவைகுளத்தில் அவளுடைய அத்தைக்கு முப்பதாம் நாள் பூசை. காலை ஆறு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டுச் சாயங்காலம்தான் திரும்புவாள். முந்தின நாள் மத்தியானமே என்னிடம் வந்து, "அக்கா, நாளைக்கு ராஜ்மா வேண்டாம். பட்டாணி உருளைக்கிழங்கு வச்சு அனுப்பிடுங்க. நான் ஞாயித்துக்கிழமை வச்சுக் குடுக்கிறேன், சொல்லிட்டேன் அவங்ககிட்ட" என்றாள்.

சொல்லிவிட்டாளாம். என் குசினியில் என்ன வேகும் என்று யார்டுக்குச் சொல்லிவிட்டு, பிறகு என்னிடம் வந்து சொல்கிறாள். "சரிளா" என்றேன். அவள் சாயங்காலப் பூசைக்குக் கோயிலுக்குப் போன பிறகு டின்னைத் திறந்து ராஜ்மாவை அளந்து ஊறப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை அவள் படி இறங்கின கையோடு விறகடுப்பில் தணலைச் சேர்த்துவிட்டேன். ஊறின தண்ணீரோடு அப்படியே அண்டாவில் கொட்டி, வேண்டிய அளவு தண்ணீர் விட்டு, மூடி, சாம்பல் அணைத்தேன். பதினோரு மணி வரைக்கும் இடையிடையே போய் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். ஓரத்தில் சின்னச் சின்னதாக ஆவி எழும்பியது. ஒரு குமிழி வரவில்லை. கரண்டியில் எடுத்து விரலால் நசுக்கினால் பருப்பு மெத்தென்று நசுங்கியது. ஒன்றுகூடத் தோல் உரியவில்லை. கல் இழைத்த மாதிரி பளபளவென்று கிடந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மசாலாவைக் கேஸ் அடுப்பில் தனியாகச் சுண்ட வதக்கினேன். வெங்காயம், தக்காளி, இஞ்சி, அவள் டப்பாவில் வைத்திருக்கிற பொடி எல்லாம் போட்டு எண்ணெய் பிரிந்ததும் அடுப்பை அணைத்தேன். பருப்பை அதில் மெதுவாகச் சரித்துக் கலந்தேன். திரும்பக் கொதிக்கவிட்டால் நான் இத்தனை பாடுபட்டது என்னத்துக்கு?

ருசி பார்க்கவில்லை. தவக்கால வெள்ளிக்கிழமை எனக்கு ஒருசந்தி. ஒருபொழுது சாப்பாடு, அதுவும் சாயங்காலம். அன்றைக்குச் சமைக்கிறபோது உப்புக்கூட நாக்கில் வைக்க மாட்டேன், உள்ளங்கையில் விட்டு முகர்ந்து பார்ப்பதோடு சரி. என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் ராஜ்மா பக்கமே திரும்ப மாட்டார்கள். அது இந்திக்காரன் சாப்பாடு என்பது அவர்கள் எண்ணம். ஆகவே அந்த வீட்டில் அதை யாரும் வாயில் வைக்கவில்லை. ஒரு கிண்ணம் மட்டும் எடுத்து ஃபிரிஜ்ஜில் வைத்தேன். சாயங்காலம் அவள் வந்ததும் கொடுக்க வேண்டும், அவள் முகத்தை நான் பார்க்க வேண்டும்.

வண்டியில் ஏற்றுகிறபோது என் வீட்டுக்காரர் மூடியைத் திறந்து பார்த்தார். "என்னளா, ராஜ்மாவா? சின்னவ இல்லைல்லா?"

"விடியுமுன்ன வச்சிட்டுத்தான் போனா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்கலாம். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. நான் வைத்தது என்று தெரிந்தால் பையன்கள் முகம் சுளிப்பார்கள், பாபி வைத்தது மாதிரி இல்லை என்பார்கள். அவள் வைத்தது என்று நினைத்துச் சாப்பிடட்டும். இதுவரை இப்படிச் சாப்பிட்டதே இல்லை என்று சொல்லட்டும். அதை இவர் வந்து என்னிடம் சொல்லட்டும். அப்போது நிதானமாகச் சொல்லலாம், அது நான் வைத்தது என்று. அந்த ஒரு நிமிஷத்துக்காக ஒரு பொய். அவ்வளவுதான் நினைத்தேன்.

பன்னிரண்டரைக்குப் பரிமாறிவிட்டு இரண்டு மணிக்கு வந்தார். அண்டா காலி. "நல்லாருக்குன்னானுவ" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொல்வார் என்று பின்னாலேயே போனேன். வாயைத் திறப்பதற்குள் அவருடைய போன் அடித்தது.

சூப்பர்வைசர்தான். நாலைந்து பேர் வாந்தி எடுக்கிறார்கள் என்றார். அடுத்த கால் மணியில் பத்து பேர் என்றார். பிறகு எண்ணிக்கை சொல்லவில்லை, உடனே வா என்று மட்டும் கத்தினார். இவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். கொழுந்தன் துறைமுகத்திலிருந்து நேரே பெரியாஸ்பத்திரிக்கு ஓடினான். மூன்று மணிக்கு அவன் போன் பண்ணினான். "மயினி, இருவது பேருக்கு மேல இங்கன கெடக்கானுவ. வயித்த புடிச்சிக்கிட்டு உருளுதானுவ. வாந்தி நிக்கவே மாட்டேங்கு, இப்ப வயித்தாலயும் போகுது."

நான் குசினியில் ஒவ்வொரு டின்னாகத் திறந்து முகர்ந்து பார்த்தேன். தண்ணீரா? எண்ணெயா? தக்காளியா? என்னென்னவோ யோசித்தேன். ராஜ்மா என்று தோன்றவே இல்லை. அது நன்றாக வெந்திருந்தது, என் விரல் நசுக்கிப் பார்த்ததே.

ஐந்து மணிக்கு அவள் வந்தபோது கொழுந்தனும் வந்திருந்தான். பையன்களுக்கு டிரிப் ஏற்றியிருந்தார்கள், பலருக்கு வாந்தி நின்றுவிட்டிருந்தது. பயம் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். பயம் போன இடத்தில் அவனுக்குக் கோபம் வந்திருந்தது. செருப்பைக் கழற்றக்கூட விடாமல் அவளைப் பிடித்துக்கொண்டான்.

"அவசர அவசரமா வச்சிட்டுப் போயிருக்க. இருவது பேரு சாவக் கெடந்தான், தெரியுமா?"

"என்ன வச்சிட்டுப் போனேன்?"

"ராஜ்மா!"

"நான் வைக்கலையே."

"அப்ப மயினி பொய் சொல்லுதாவளா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒருசந்தி முடிக்கிற சாப்பாட்டுக்கு அந்தக் கீரை. அவ்வளவு நடந்த பிறகும் எனக்குச் சாப்பாடு ஒரு கேடு. தலையை நிமிர்த்தவில்லை. அவள் இன்னொரு தரம் கேட்டிருந்தால், "அக்கா, சொல்லுங்க" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால், சொல்லியிருப்பேனோ என்னவோ. அவள் போடவில்லை. உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்து பாத்திரம் கழுவ உட்கார்ந்தாள்.

அப்போது எனக்குள் ஓடியதையும் எழுதித்தான் ஆக வேண்டும். இவளை இனி யாரும் இந்தக் குசினிக்குள் விட மாட்டார்கள் என்று தோன்றியது. இரண்டு வருஷமாக நான் வேண்டிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

மறுநாள் காலை உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். நடுத்தர வயசு, சத்தம் போடாத மனுஷர். கையுறை போட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டி, எண்ணெய் டின், அரிசி எல்லாம் பார்த்தார். மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்றார். நான் ஃபிரிஜ்ஜிலிருந்து அந்தக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தேன். கொஞ்சத்தைச் சோதனைக்கு என்று ஒரு பையில் போட்டு எழுதி ஒட்டினார். இன்னொரு பருப்பை எடுத்து நசுக்கிப் பார்த்தார்.

"சாப்பிட்டு ஒன்றரை, ரெண்டு மணி நேரத்துல வாந்தி. ராஜ்மா சாப்பிடாம வெறும் ரசம் ஊத்திச் சாப்பிட்ட மூணு பேருக்கு ஒண்ணும் இல்லை. இதைத்தான் நான் சந்தேகப்படுறேன். யாரு வைக்கிறது?"

"எப்பவும் எங்க சின்னவதான்" என்றார் என் வீட்டுக்காரர்.

அவளைப் பார்த்து, எப்படி வைப்பீர்கள் என்று கேட்டார். அவள் வரிசையாகச் சொன்னாள். ராத்திரி முழுக்க ஊறவைப்பது, தண்ணீரைக் கொட்டுவது, அலசுவது, புதுத் தண்ணீர், பொங்கிய பிறகு முப்பது நிமிஷம். யாரிடம் கற்றீர்கள் என்றார். பம்பாயில் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மா குக்கரில் வைப்பாராம். குக்கர் இல்லாமல் அண்டாவில் வைத்தால் கொதிக்கிற நேரத்தைக் கணக்கு வைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் விஷம் என்று அவர் சொல்லியிருக்கிறாராம்.

"ரொம்பச் சரி. இதைத்தான் நாங்க எல்லாக் கேன்டீன்லயும் தொண்டை கிழியச் சொல்றோம்" என்றார் அதிகாரி. அந்த நிலைமையிலும் எனக்குச் சுருக்கென்றது. அவளைப் பாராட்டுகிறாரே என்று.

"நேத்தும் இப்படித்தான் செஞ்சீங்களா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். திரும்பியவள் அப்படியே நின்றாள்.

அவள் அப்படி நின்றதை அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டது என்று எடுத்துக்கொண்டார். கோபப்படாமல் சொல்ல ஆரம்பித்தார். "அம்மா, இது கெட்டுப்போன சாப்பாடு இல்லை, கிருமியும் இல்லை. பருப்புலயே இருக்கிற ஒரு புரதம். லெக்டின்னு பேரு. தன்னைத் தின்ன வர்றதுகளை விரட்ட அந்தச் செடி வச்சிருக்கிற ஆயுதம்னு வச்சுக்குங்க. எல்லாப் பயறுலயும் கொஞ்சம் உண்டு, சிவப்பு ராஜ்மாவுல ரொம்ப அதிகம். நம்ம குடலோட உள்பக்கத்துல இருக்கிற செல்லுங்க மேல சர்க்கரை மாதிரி சில பொருள் ஒட்டிக்கிட்டிருக்கும். இது போய் அதைக் கெட்டியாப் புடிச்சுக்கும். வயித்துல சுரக்கிற அமிலத்தாலயும் இதை லேசுல உடைக்க முடியாது. குடல் தாங்காம எல்லாத்தையும் வெளிய தள்ளுது. பச்சையா நாலஞ்சு பருப்பு போதும், ஒரு ஆளைப் படுக்க வச்சிரும். சோதனைக் குழாய்ல ரத்தத்தோட சேர்த்தா சிவப்பணுவை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டி கட்டியா ஆக்கிரும். அவ்வளவு பிடி."

"நல்லாத்தான சார் வெந்திருக்கு?" என்றார் என் வீட்டுக்காரர் கிண்ணத்தைக் காட்டி. நான் கேட்க நினைத்தது அது.

"மெத்துன்னு இருக்கிறதை வச்சு ஏமாறக் கூடாது. பருப்பு மெதுவாகிறது வேற, அந்தப் புரதம் சிதையறது வேற. முட்டை வெள்ளைக்கரு சூட்டுல கெட்டியானா திரும்பப் பழையபடி ஆகுமா? அந்த மாதிரி, முழுக் கொதியில அந்தப் புரதத்தோட உருவம் குலைஞ்சிரும். அப்புறம் அதால எதையும் புடிக்க முடியாது. பத்து நிமிஷமாவது தளதளன்னு கொதிக்கணும், முப்பது நிமிஷம்னா இன்னும் நிம்மதி. ஊறவைக்கிறப்போ கொஞ்சம் தண்ணியில இறங்கிரும், அதனாலதான் அந்தத் தண்ணியைக் கொட்டச் சொல்றோம். கொதிக்கவிடாம லேசான சூட்டுல வச்சிருந்தீங்கன்னா, எத்தனை மணி நேரம் வச்சாலும் அது போகாது. எண்பது டிகிரி வாக்குல கிடந்தா பச்சையை விட மோசமாக்கூட ஆகலாம். நீங்க நேத்து எதுல வச்சீங்க?"

விறகடுப்பு என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நேற்றைய சாம்பலைக்கூட நான் அள்ளவில்லை. அவள் கண் அங்கே போய்த் திரும்பியதைப் பார்த்தேன். என்ன நடந்தது என்று அவளுக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது. தணல் தெரியும் அவளுக்கு, என் மொச்சைக்குழம்பை மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள் அவள்.

அவள் அப்போதும் சொல்லவில்லை.

"இவங்க இனிமே இந்தச் சமையலறையில சமைக்க வேண்டாம். சோதனை முடிவு வர்ற வரைக்கும் யார்டுக்குச் சாப்பாடும் நிறுத்தி வைங்க" என்று அதிகாரி எழுத ஆரம்பித்தார். கொழுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். என் வீட்டுக்காரர் என்னிடம் மெதுவாக, "நீ பாத்துக்கிட்டா போதும்ளா, முந்தி மாதிரி" என்றார்.

முந்தி மாதிரி. நான் கேட்டது எல்லாம் அதுதான்.

அவள் அலமாரிக்குப் போனாள். அந்தப் பச்சைக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் வைத்தாள். "அக்கா, இனிமே நீங்கதான் வைக்கணும். அவங்க கேட்டுக்கிட்டேதான் இருப்பாங்க. தண்ணியைக் கொட்டிருங்க. பொங்கின பிறகுதான் அலாரம் வைக்கணும், அடுப்புல ஏத்தின உடனே வச்சிராதீங்க. சின்னப் பையங்கக்கா, யாருக்கும் தெரியாம வாந்தி எடுத்துக்கிட்டு வேலைக்குப் போவாங்க."

குரலில் குத்தல் இல்லை. குத்தல் இருக்கிறதா என்று நான் தேடினேன். அவளுடைய இடத்தை நான் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன், அவள் எனக்கு ராஜ்மா வைக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு வந்தது பரிதாபமோ பச்சாத்தாபமோ இல்லை. ஆத்திரம்தான். இவ்வளவு நல்லவளாக இருக்க இவளுக்கு யார் அனுமதி கொடுத்தது என்கிற ஆத்திரம். இவள் குற்றவாளியாக நின்றாலும் நான்தான் சின்னவளாகத் தெரிகிறேன்.

"எழுதாதீங்க சார்" என்றேன். சத்தம் அதிகமாக வந்துவிட்டது. "அவ ஊர்லயே இல்ல. ராஜ்மா வைக்க வேண்டாம்னுதான் சொல்லிட்டுப் போனா. நான்தான் வச்சேன். தணல்ல வச்சேன், தண்ணியக் கொட்டல, ஒரு கொதி வரவிடல. அவ வச்சதுன்னு பொய் சொன்னதும் நான்தான்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதிகாரி பேனாவை மூடினார், மறுபடி திறந்தார், எழுதியதை அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தார். எச்சரிக்கை நோட்டீஸ் கொடுத்தார். ஒரு வாரம் மூடச் சொன்னார். திறக்கும்போது சமையலுக்குப் பொறுப்பு என்று ஒருத்தர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். யாருடைய பெயர் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் போட்டாள்.

பையன்கள் எல்லோரும் முதல் நாள் ராத்திரியே தேறி, மறுநாள் தங்கள் அறைக்குத் திரும்பிவிட்டார்கள். அந்தப் புரதத்தின் பிடி அவ்வளவு நேரம்தானாம், எல்லாம் வெளியே போய்விட்டால் ஆள் சுருக்காகத் தேறிவிடுவானாம். நானும் அவளும் மட்டும் அந்த வாரம் முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. அவளாகப் பேசவில்லை. அதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது, இவளுக்கும் கோபம் வருகிறது என்று.

குசினி திறந்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை காலை. ஊறின பருப்போடு நின்றுகொண்டிருந்தவள் அண்டாவை என் பக்கம் நகர்த்தினாள். "நீங்க வைங்க அக்கா."

"எனக்கு வேண்டாம்."

"வைங்க. நான் இங்கனயே நிக்கேன்."

'இங்கன' என்று எங்கள் பேச்சில் சொன்னாள். சிவந்த தண்ணீரைச் சாக்கடையில் சாய்த்தேன். அலசினேன். புதுத் தண்ணீர் விட்டு முழுத் தீயில் ஏற்றினேன். முதல் குமிழி வந்ததும் கடிகாரத்துக்குக் கை போனது. "இல்லக்கா, நடுவுலயும் பொங்கணும்" என்றாள். நடுவிலும் பொங்கியது. அலாரம் வைத்துவிட்டு இரண்டு பேரும் நின்றோம். பருப்பு ஒன்றன்மேல் ஒன்று புரண்டு, தோல் பிய்ந்து, நுரை தள்ளி, என் கண்ணெதிரே அசிங்கமாக ஆனது. நான் தீயைக் குறைக்கவில்லை.

எல்லாம் முடிந்து வண்டியில் ஏற்ற என் வீட்டுக்காரர் வந்து நின்றார். அண்டாவைத் தொடத் தயங்கினார். அந்தத் தயக்கம் என்னை உத்தேசித்துத்தான். யார்டில் இன்றைக்கு ஒருத்தனும் இதைத் தொட மாட்டான் என்று எனக்குத் தெரிந்தது. அவள் ஒரு தட்டை எடுத்தாள். சோறு போட்டாள், என் ராஜ்மாவை இரண்டு கரண்டி ஊற்றினாள். வாசல்படியில் உட்கார்ந்து பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். அது தவக்கால வெள்ளிக்கிழமை. அவளும் ஒருசந்தி இருக்கிறவள்தான்.

கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து, "ஏத்துங்க அத்தான், நானும் வாரேன். அவங்க முன்னாடி இன்னொரு வாய் சாப்பிட்டுக் காட்டுதேன்" என்றாள்.

வண்டி தெருமுனை திரும்பியது. கழுவ வேண்டிய தட்டு என் கையில் இருந்தது. இரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் ராஜ்மா வைத்திருக்கிறாள், ஒவ்வொரு தரமும் எனக்கென்று ஒரு கிண்ணம் எடுத்து மூடி வைத்திருக்கிறாள். ஒருநாளும் நான் அதில் ஒரு பருப்பை எடுத்து வாயில் வைத்ததில்லை.